"Go" என்றால் ஜிபி: பாரிஸிலிருந்து யாழ்ப்பாணம் வந்த ஐபோனில் ஓர் அப்டேட் முடிவு

பாரிஸ் லா சப்பலில் வேலை செய்யும் மகன் புதுப் போன் வாங்கியதும் தன் பழைய ஐபோன் 11-ஐ யாழ்ப்பாணத்தில் இருக்கும் அம்மாவுக்குக் கொடுத்தனுப்புகிறார். 64 ஜிபி கொள்ளளவு உள்ள போன். திரைமொழி பிரெஞ்சு. அம்மாவுக்குத் தமிழ் மட்டும் நன்றாக வாசிக்க வரும். ஆங்கில எழுத்துகளைக் கூட்டி வாசிப்பார். வாட்ஸ்அப், படங்கள், யூடியூப் எல்லாம் எங்கே இருக்கின்றன என்று படத்தைப் பார்த்துப் பழகிக்கொண்டார். 2025 செப்டம்பர் மூன்றாம் வாரத்தில் அமைப்புகளின் பல்சக்கரப் படத்தின் மேல் சிவப்புப் புள்ளியில் ஓர் எண் வருகிறது. அதே நாட்களில் இடம் நிரம்பிவிட்டதாக ஓர் அறிவிப்பும் வருகிறது.

பல குடும்பங்களில் திரும்பத் திரும்ப வரும் சிக்கலை ஒரே போனில் வைத்துப் பார்க்கும் ஆய்வு இது. கீழே வரும் கொள்ளளவுக் கணக்குகள் விளக்கத்துக்காக எடுத்தவை. ஒவ்வொரு போனிலும் வேறு எண்கள் வரும். திரையில் தெரியும் பிரெஞ்சுச் சொற்களும் ஐஓஎஸ் பதிப்பு எண்களும் உள்ளபடியே தரப்பட்டுள்ளன.

போன் அப்போது இருந்த பதிப்பு iOS 18.3.2. அப்டேட் திரையில் இரண்டு தெரிவுகள் நின்றன: iOS 18.7, iOS 26. இரண்டும் 2025 செப்டம்பர் 15 அன்று வெளியானவை. அம்மா மகனை வாட்ஸ்அப்பில் கூப்பிட்டபோது நடந்த பேச்சு இப்படித்தான் தொடங்கும்:

"தம்பி, போனில ஏதோ வந்து கிடக்கு. மூண்டு கொமா ஒண்டு, பிறகு கோ எண்டு கிடக்கு. போகச் சொல்லுதோ?"

"அம்மா, ஒண்டையும் அமத்தாதேங்கோ. முதல்ல அந்தத் திரையை ஒரு படம் எடுத்து அனுப்புங்கோ."

மகன் சொன்னது சரி. அழுத்துவதற்கு முன் திரையைப் படம் பிடிப்பதுதான் முதல் வேலை. ஐபோன் 11-இல் வலப்பக்கப் பொத்தானையும் ஒலியைக் கூட்டும் பொத்தானையும் ஒன்றாக அழுத்தி விட்டால் போதும். அறிவிப்பு ஒருமுறை மறைந்துவிட்டால் அதன் சொற்களை நினைவிலிருந்து சொல்ல முடியாது. மொழி தெரியாதவருக்கு அது இன்னும் கடினம்.

Go, Mo, To

அம்மா "கோ" என்று வாசித்தது gigaoctet என்பதன் சுருக்கம். ஆங்கிலத்தில் பைட் என்று சொல்வதைப் பிரெஞ்சில் octet என்பார்கள், எட்டு பிட் கொண்டது என்ற பொருளில். ஆகவே ஜிபி என்பது Go, எம்பி என்பது Mo, டிபி என்பது To. இந்த மூன்றில் இரண்டு ஆங்கிலச் சொற்களைப் போலவே இருப்பதுதான் சிக்கல். "2 To" என்று வந்தால் 2 டெராபைட். அது கிளவுட் சந்தா விளம்பரமாகத்தான் இருக்கும், ஏனென்றால் இந்தப் போனில் அவ்வளவு இடம் கிடையாது.

அடுத்தது காற்புள்ளி. பிரெஞ்சில் தசமத்துக்குப் புள்ளி போடுவதில்லை, காற்புள்ளிதான் போடுவார்கள். "3,1 Go" என்றால் 3.1 ஜிபி. ஆயிரத்தைப் பிரிக்க நாம் காற்புள்ளி போடும் இடத்தில் அவர்கள் ஓர் இடைவெளி விடுவார்கள். ஆகவே "1,254 Go" என்பது ஒன்றே கால் ஜிபி. "1 254 Mo" என்பதும் கிட்டத்தட்ட அதே அளவு. முதலாவதை ஆயிரத்து இருநூற்று ஐம்பத்து நான்கு ஜிபி என்று வாசித்துவிட்டால் அப்டேட்டே நடக்காது என்று முடிவு கட்டிவிடுவார்கள். இதைவிட அடிக்கடி நடக்கும் பிழை Mo-வையும் Go-வையும் மாற்றி வாசிப்பது. "612 Mo" என்பதைக் கண்டு பயந்து, "9,4 Go" என்பதைச் சின்ன எண் என்று நினைத்து அழுத்துவார்கள். எண்ணைப் பார்க்கும் முன் அதன் வாலில் இருக்கும் முதல் எழுத்தைப் பார்க்க வேண்டும்.

அனுப்பிய படத்தில் iOS 18.7-க்குப் பக்கத்தில் 3,1 Go, iOS 26-க்குப் பக்கத்தில் 9,4 Go என்று இருந்ததாக வைத்துக்கொள்வோம்.

எந்த ஸ்டோரேஜ் நிரம்பியது

இனி இடம் நிரம்பியது என்ற அறிவிப்பு. பிரெஞ்சில் இதற்கு வரும் சொல் saturé. நிரம்பிவிட்டது என்று பொருள். அதோடு presque என்ற சொல் சேர்ந்து வந்தால் "கிட்டத்தட்ட". ஆனால் இந்த அறிவிப்பில் உண்மையில் தேட வேண்டிய சொல் வேறு: iCloud என்று அதில் எங்காவது எழுதியிருக்கிறதா?

iCloud என்று இருந்தால் நிரம்பியது ஆப்பிளின் சேமிப்பிடம். எல்லாருக்கும் இலவசமாகக் கிடைப்பது 5 Go மட்டுமே; படங்களும் காப்புப் பிரதியும் சேர்ந்தால் சில மாதங்களில் நிரம்பிவிடும். அதற்கும் போனில் அப்டேட்டுக்கு இடம் இருக்கிறதா என்பதற்கும் தொடர்பில்லை. மாதச் சந்தா கட்டி iCloud இடத்தைக் கூட்டினாலும் அப்டேட்டுக்குத் தேவையான இடம் அதனால் மட்டும் கிடைத்துவிடாது. iCloud என்ற சொல் இல்லாமல், சேமிப்பிடம் என்று பொருள்படும் Stockage என்று மட்டும் அல்லது iPhone என்ற பெயரோடு வந்தால்தான் போனின் சொந்த இடம் குறைகிறது.

இரண்டையும் குழப்பிக்கொண்டால் வரும் சேதம் சிறியதல்ல. இந்தப் போனில் மகனின் ஆப்பிள் கணக்கே இன்னும் உள்நுழைந்திருக்கிறது; பழைய போன் கொடுப்பவர்களில் பலர் கணக்கை மாற்றுவதில்லை. படங்கள் iCloud-இல் ஒத்திசையும்படி இருந்தால், யாழ்ப்பாணத்தில் அழிக்கும் படம் பாரிஸில் மகனின் புதுப் போனிலிருந்தும் போய்விடும். அழிக்கும்போது வரும் எச்சரிக்கையில் tous vos appareils என்ற சொற்கள் இருந்தால் "உங்கள் எல்லாக் கருவிகளிலிருந்தும்" என்று பொருள். அந்த மூன்று சொற்களைக் கண்டால் Annuler, அதாவது ரத்து. தவறி அழித்திருந்தாலும் குப்பைத்தொட்டிப் படம் போட்ட ஆல்பத்தில் 30 நாள் வரை அவை கிடக்கும், மீட்கலாம். அதற்கு மறுபக்கமும் உண்டு: அந்த ஆல்பத்தில் கிடக்கும்வரை இடம் காலியாகாது. நூறு வீடியோ அழித்தும் இடம் கூடவில்லையே என்று கேட்பவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் பதில்.

இந்த ஆய்வில் அறிவிப்பு போனைப் பற்றியதே. உறுதிப்படுத்த Réglages எனப்படும் அமைப்புகளைத் திறந்து Général, Stockage iPhone என்று போனால் மேலே வண்ணப் பட்டை ஒன்று தெரியும். அதில் 64 Go-வில் 59,8 Go பயன்பட்டதாக இருந்தது. மீதி 4.2 ஜிபி.

குறிப்பை வாசிப்பது

அப்டேட்டைப் பற்றி ஆப்பிள் எழுதும் குறிப்பு இரண்டு வகைப்படும், மொழி தெரியாமலே உருவத்தைப் பார்த்துப் பிரித்துவிடலாம். ஒன்று, இரண்டு மூன்று வரிகளில் முடிந்துவிடும். மற்றது தலைப்புகளும் புள்ளிப் பட்டியல்களுமாகத் திரையை உருட்ட உருட்ட நீளும். நீளமானதைப் பார்த்ததும் முக்கியமானது என்று தோன்றும். அவசரத்தைப் பொறுத்தவரை பெரும்பாலும் நேர்மாறு.

நீளமான குறிப்பு புதிய வசதிகளைச் சொல்கிறது. Fonctionnalités என்ற சொல் அதில் அடிக்கடி வரும். குறுகிய குறிப்பில் sécurité என்ற சொல்லும் correctifs அல்லது corrections என்ற சொல்லும் இருக்கும்: பாதுகாப்பு, திருத்தங்கள். எல்லாப் பயனர்களுக்கும் பரிந்துரைக்கிறோம் என்று ஒரு வரியோடு முடிந்துவிடும். 2025 ஆகஸ்டில் வந்த iOS 18.6.2-இன் குறிப்பு அப்படிப்பட்ட ஒன்று. அந்தச் சில வரிகளுக்குப் பின்னால் இருந்தது CVE-2025-43300 என்ற ஓட்டை: தீய நோக்கோடு செய்யப்பட்ட ஒரு படக்கோப்பைப் போன் திறந்து காட்ட முயலும்போதே நினைவகத்தைக் குலைக்கலாம். குறிவைக்கப்பட்ட சிலர்மேல் அது ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டிருக்கலாம் என்று ஆப்பிளே சொன்னது. யாழ்ப்பாணத்து அம்மா அந்தக் குறியில் இருந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் ஓட்டை வெளியில் தெரிந்தபின் அதைப் படித்து மற்றவர்களும் முயல்வார்கள். வாட்ஸ்அப்பில் நாள் முழுதும் காலை வணக்கப் படங்கள் வரும் போனுக்குப் படக்கோப்பு ஓட்டை தொலைவான விஷயம் அல்ல.

குறிப்பின் கடைசியில் ஒரு முகவரி இருக்கும். பாதுகாப்புத் திருத்தங்களின் முழுப் பட்டியல் இருக்கும் பக்கம் அது:

```
https://support.apple.com/fr-fr/100100
```

வீட்டில் ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்த ஒருவர் இருந்தால் இதில் fr-fr என்பதை en-us என்று மாற்றித் தட்டலாம், அதே பக்கம் ஆங்கிலத்தில் வரும்.

இப்போது இந்த ஆய்வின் மையமான இடம். 18.7-இன் குறிப்பு அந்தப் பதிப்பில் புதிதாகச் சேர்ந்ததை மட்டுமே சொல்கிறது. போன் இருப்பதோ 18.3.2-இல். நடுவில் 18.4, 18.5, 18.6 என்று தவறவிட்ட பதிப்புகளில் இருந்த எல்லாமும் 18.7-ஐப் போட்டால் சேர்ந்தே வரும். திரையில் தெரியும் குறிப்பில் அவற்றைப் பற்றி ஒரு சொல்லும் இருக்காது. பல மாதம் அப்டேட் செய்யாத போனில் திரையில் தெரியும் குறிப்பு முழுக் கதை ஆகாது.

தவறவிட்டதில் அம்மாவுக்கு வேண்டிய ஒன்று இருந்தது. 2025 மார்ச் 31-இல் வந்த iOS 18.4 பத்துப் புதிய மொழிகளைப் போனின் திரைமொழியாகச் சேர்த்தது: வங்காளம், குஜராத்தி, கன்னடம், மலையாளம், மராத்தி, ஒடியா, பஞ்சாபி, தமிழ், தெலுங்கு, உருது. பிரெஞ்சில் தமிழுக்கு tamoul என்று பெயர். அந்தச் சொல்லைத் தெரிந்து வைத்திருந்தவர் 18.4-இன் நீண்ட குறிப்பில் அதைக் கண்டுபிடித்திருக்கலாம். ஐந்தரை மாதம் கழித்து 18.7-இன் குறிப்பைப் பார்ப்பவருக்கு அது கண்ணில் படாது. 18.3.2-இல் தமிழ்த் திரை கிடையாது. அதனால் தமிழில் வாசிக்க வேண்டுமென்றால் ஒருமுறை பிரெஞ்சைத் தாண்டித்தான் ஆக வேண்டும்.

ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்தவருக்கு இந்தச் சிரமம் வேண்டாம். Réglages, Général, பிறகு மொழியும் பகுதியும் என்று பொருள்படும் Langue et région என்று போய் ஆங்கிலத்தைச் சேர்த்துவிட்டுப் பிறகு குறிப்பை வாசிக்கலாம். அம்மாவுக்கு அது ஒரு தெரியாத மொழிக்குப் பதில் இன்னொரு தெரியாத மொழி.

18.7-ஆ, 26-ஆ

முன்னால் இருக்கும் எண் மாறினால் அது வேறு தலைமுறை. 18-இலிருந்து 26-க்குத் தாவினால் திரையின் தோற்றமே மாறும். பொத்தான்கள், பட்டைகள், படங்களின் சாயல் எல்லாம் வேறாகும். படத்தைப் பார்த்துப் பழகிய ஒருவருக்கு மொழியும் தெரியாமல் தோற்றமும் மாறினால் பிடிக்க ஒரு கொம்பு இல்லாமல் போய்விடும். ஐபோன் 11-க்கு iOS 26 கிடைக்கும் என்பது உண்மை. கிடைப்பதெல்லாம் அன்றே போட வேண்டியதில்லை.

திரும்பி வர முடியாது என்பதையும் குறிப்பு எங்கும் உரக்கச் சொல்வதில்லை. பழைய பதிப்பை நிறுவ ஆப்பிளின் மின்னணு ஒப்புதல் தேவை. புதியது வந்தபின் சிறிது காலத்தில் அந்த ஒப்புதலை நிறுத்திவிடுவார்கள். புதிய பதிப்பில் எடுத்த காப்புப் பிரதியைப் பழைய பதிப்பில் ஏற்றவும் முடியாது. பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்துப் போடக் கூடாத ஒன்று இது.

இடக் கணக்கும் அதே பக்கம்தான் சாய்கிறது. அப்டேட் கோப்பு சுருக்கிய வடிவத்தில் இறங்குகிறது. பிறகு போன் அதை விரித்துத் தயார் செய்கிறது. விரித்ததும் சுருக்கியதும் ஒரே நேரத்தில் இடம் பிடிக்கும். நிறுவி முடிந்த பின்தான் கோப்பு அழியும். இறங்கும் அளவைப் போல இரண்டு மடங்கு காலி இடம் இருந்தால் தடங்கல் வராது என்பது நடைமுறையில் உதவும் கைக்கணக்கு. ஆப்பிள் கொடுத்த விதி அல்ல. 18.7-க்கு 3.1-இன் இரு மடங்கு 6.2 ஜிபி, கையில் 4.2 இருக்கிறது, இன்னும் 2 ஜிபி வேண்டும். 26-க்கு 18.8 ஜிபி, பதினாலரை ஜிபிக்கு மேல் அழிக்க வேண்டும். 64 ஜிபி போனில் அது அம்மாவின் படங்களில் பெரும்பகுதி. முடிவு: 18.7.

இரண்டு ஜிபி எங்கிருந்து வரும்

Stockage iPhone பக்கத்தின் கீழ்ப்பகுதியில் செயலிகள் பெரியதிலிருந்து சிறியதாக வரிசையில் நிற்கும். எடுத்துக்கொண்ட போனில் படங்கள் 21,3 Go, வாட்ஸ்அப் 15,2 Go, பிறகு சிறியவை. வாட்ஸ்அப்பைத் தொட்டால் இரண்டு எண்கள் தெரியும். Taille de l'app என்பது செயலியின் சொந்த அளவு, சில நூறு Mo. Documents et données என்பது அதற்குள் சேர்ந்த உரையாடல், படம், குரல்பதிவு எல்லாம். மீதி முழுவதும் இதுதான்.

அதே பக்கத்தில் இரண்டு பொத்தான்கள். மகன் தொலைபேசியில் சொல்லும்போது ஒரு தவறு போதும், அம்மாவின் நாலு வருட உரையாடல் போய்விடும். Décharger l'app என்பது செயலியை மட்டும் இறக்கி வைப்பது. உள்ளே இருக்கும் தரவு போனிலேயே இருக்கும். Supprimer l'app என்பது தரவோடு சேர்த்து அழிப்பது. வேற்றுமொழிக்காரர் கண்ணுக்கு Décharger என்றால் பேட்டரி இறங்குவது போலவும், Supprimer என்றால் எதையோ ஒடுக்கி மறைத்து வைப்பது போலவும் தோன்றும். Supprimer மென்மையாகத் தெரிகிற சொல், ஆனால் அழிக்கிற சொல் அதுதான். அது சிவப்பில் இருக்கும் என்பது ஒரு துணை. ஆங்கிலம் தெரிந்தவர்கள்தான் இந்த இடத்தில் அதிகம் ஏமாறுகிறார்கள், suppress என்ற சொல் அவர்கள் மனதில் இருப்பதால்.

வாட்ஸ்அப்பில் இரண்டு பொத்தானையும் தொடக் கூடாது. Décharger செய்தாலும் கிடைப்பது சில நூறு Mo மட்டுமே. திரும்பப் போடும்வரை அழைப்பும் செய்தியும் வராது. மகனோடு பேசும் வழியே அதுதான். 15 ஜிபியைக் குறைக்கும் இடம் வாட்ஸ்அப்பின் உள்ளே இருக்கிறது. அதன் அமைப்புகளில் Stockage et données, அதில் Gérer le stockage. அங்கே 5 Mo-வுக்கு மேற்பட்ட கோப்புகள் தனியாகத் திரண்டு நிற்கும். பெரிய வீடியோக்கள் முதலில் வரும். கோவில் திருவிழாக் காணொளியைப் பத்துப் பேர் பத்துக் குழுக்களில் அனுப்பியது அங்கே பத்து முறை இருக்கும். உரையாடலின் எழுத்துகள் அப்படியே இருக்க, கோப்புகளை மட்டும் இங்கே அழிக்கலாம். குடும்பப் படம் எது, சுற்றி வந்த காணொளி எது என்பது அம்மாவுக்கு மட்டுமே தெரியும். மொழி தேவைப்படாத வேலை, அதனால் இதை அவரே நிதானமாகச் செய்யலாம். இருபது நிமிடத்தில் 2 ஜிபி கிடைப்பது கடினமல்ல. மகன் விட்டுப்போன பாரிஸ் மெட்ரோச் செயலி, விளையாட்டுகள் ஆகியவற்றை அழித்தால் இன்னும் கொஞ்சம்.

மகனின் பிரெஞ்சு வங்கிச் செயலி அந்தப் பட்டியலில் இருந்தால் அவரைக் கேட்காமல் தொடக் கூடாது. பணம் அனுப்பும்போது அனுமதி கேட்கும் செயலி இந்தப் போனோடு இன்னும் பிணைந்திருக்கலாம்.

பட்டியலில் iOS என்ற பெயரோடும் ஒரு பதிப்பு எண்ணோடும் ஒரு வரி தனியாக நின்றால், அது ஏற்கெனவே தானாக இறங்கி நிற்கும் அப்டேட் கோப்பு. அதைத் தொட்டால் Supprimer la mise à jour என்று வரும். இங்கே மட்டும் Supprimer பாதுகாப்பானது. போகிறது அந்தக் கோப்பு மட்டுமே. iOS 26 தானாக இறங்கி நின்றிருந்தால் இதை அழித்ததுமே ஒன்பது ஜிபிக்கு மேல் திரும்பக் கிடைத்துவிடும். கேட்காமலே இடம் நிரம்பியது ஏன் என்ற கேள்விக்கும் இது ஒரு பதில். மீண்டும் இறங்காமலிருக்க Mise à jour logicielle என்ற மென்பொருள் அப்டேட் பக்கத்தில், தானியங்கி அப்டேட்டுகள் என்று பொருள்படும் Mises à jour automatiques என்பதைத் திறந்து தானாக இறங்குவதை நிறுத்த வேண்டும். இலங்கையில் இது பணக் கணக்கும்கூட: பக்கத்துப் போனின் ஹாட்ஸ்பாட்டை இந்தப் போன் வைஃபை என்றுதான் பார்க்கும், ஒரே இரவில் ஒரு மாத டேட்டாவை உறிஞ்சிவிடும்.

இடம் போதாமல் அழுத்தினால் என்ன ஆகும்? சில செயலிகளைத் தற்காலிகமாக எடுத்துவிட்டுப் பிறகு திரும்பப் போடுகிறேன் என்று போன் கேட்கும். Temporairement என்ற சொல் அடையாளம். தரவு போகாது என்பதால் ஆபத்து குறைவு. ஆனால் திரும்பப் போட மீண்டும் இணையம் வேண்டும், சில நேரம் ஆப்பிள் கணக்கின் கடவுச்சொல்லும் கேட்கும். கணக்கு மகனுடையது என்பதால், அவர் தூங்கும் நேரத்தில் இதை ஆரம்பிக்கக் கூடாது. பாரிஸ் நேரம் யாழ்ப்பாணத்துக்குக் கோடையில் மூன்றரை மணி, குளிர்காலத்தில் நாலரை மணி பின்னால்.

அழுத்துவதற்கு முன்னும் பின்னும்

போன் மறுபடி இயங்கும்போது முகத்தைக் காட்டித் திறக்க முடியாது, எண்ணைத்தான் போட வேண்டும். எப்போதும் முகத்தால் திறப்பவர் அந்த எண்ணை மறந்திருக்கலாம். அப்டேட்டுக்கு முன்பே ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். மகன் தன் பிரெஞ்சு சிம்மையும் உள்ளே விட்டிருந்தால் இன்னொரு எண் வரும்: SIM verrouillée என்றால் சிம் பூட்டப்பட்டிருக்கிறது, சிம்முக்கான PIN எண்ணைக் கேட்கிறது. போனின் எண்ணை அங்கே மூன்று முறை போட்டால் சிம் முடங்கிவிடும். பல மாதமாக அணைக்காத போனில் இந்தக் கேள்வி வரும் என்பதே பலருக்கு நினைவிருக்காது.

சார்ஜரில் செருகி, வைஃபையில் இணைத்து, 18.7 என்ற எண் உள்ள பகுதியில் மட்டும் Télécharger et installer. Télécharger என்றால் இறக்கு, installer என்றால் நிறுவு. ஒப்பந்தப் பக்கத்தில் Accepter. நடுவில் Plus tard வந்தால் "பிறகு" என்று பொருள். அதை அழுத்தினால் எதுவும் கெட்டுவிடாது. Impossible என்று தொடங்கும் அறிவிப்பு வந்தால் அந்த முயற்சி நடக்கவில்லை என்பது மட்டுமே பொருள். பெரும்பாலும் வைஃபை அறுந்திருக்கும் அல்லது கோப்பு பாதியில் கெட்டிருக்கும். Stockage iPhone-இல் அந்தக் கோப்பை அழித்து, போனை அணைத்துப் போட்டு, மறுபடி இறக்கினால் போதும்.

ஆப்பிள் சின்னமும் ஒரு கோடும் மட்டும் தெரிந்து நீண்ட நேரம் நின்றால் பொறுத்திருக்க வேண்டும். கோடு நகராதது போலத் தெரிந்தாலும் வேலை நடக்கலாம். கணினியோடு இணைக்கும் நிலை வந்தால், அங்கே வரும் இரண்டு சொற்களில் Mettre à jour என்பது அப்டேட் மட்டும். Restaurer என்பது போனை முழுவதும் துடைத்துவிட்டுப் புதிதாக நிறுவுவது. மீட்டுத் தரும் என்று ஒலிக்கும் சொல் அது. காப்புப் பிரதி இல்லாத போனில் அதன்பின் எதுவும் மீளாது. கடைக்காரரிடம் கொடுத்தாலும் இந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

பிறகு தமிழ்

18.7 ஏறியதும் Réglages, Général, Langue et région, அதில் Ajouter une langue. நீண்ட பட்டியலில் தமிழ் தன் எழுத்திலேயே நிற்கும், அதனால் தேட மொழி தேவையில்லை. அதைத் தேர்ந்து முதன்மை மொழியாக ஒப்புக்கொண்டால் திரை ஒரு கணம் கறுத்துத் தமிழில் திரும்பும். தமிழ் இல்லாத செயலிகள் பட்டியலில் இரண்டாவதாக இருக்கும் மொழிக்குப் போகும். பிரெஞ்சுக்குப் பதில் ஆங்கிலம் வேண்டுமானால் அதை இரண்டாவதாக இழுத்து வைக்கலாம். அதே பக்கத்தில் நாடு பிரான்ஸ் என்றே இருந்தால் எண்களில் காற்புள்ளி தொடரலாம். இலங்கை என்று மாற்றினால் புள்ளியாகும். இந்த நாடு மாற்றம் ஆப் ஸ்டோர் கணக்கின் நாட்டைத் தொடாது.

ஒரு காரியம் மகனுக்கு மிச்சம். இத்தனை நாள் அவர் தன் போனைப் பார்த்து "ரெக்லாஜ்" என்றும் "ஜெனரால்" என்றும் சொல்லி வழிகாட்டினார். இனி அந்தச் சொற்கள் அம்மாவின் திரையில் இல்லை. ஐபோனின் தமிழ்ச் சொற்கள் என்ன என்று அவருக்கும் தெரியாது. மாற்றிய அன்றே அமைப்புகளின் நாலைந்து பக்கங்களைப் படம் பிடித்துப் பாரிஸுக்கு அனுப்பி வைத்தால், அடுத்த சிவப்புப் புள்ளி வரும்போது இரண்டு பேரும் ஒரே சொல்லைப் பார்த்துப் பேசலாம்.